வீடு பார்த்துவிட்டுப் போனவர்களிடம் மறுபடி எப்போது பேசுவது

வீடு விற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்த புதிதில் நான் கோட்டைவிட்ட ஒரு பார்ட்டியை இன்னும் மறக்க முடியவில்லை. தனியாக வந்திருந்தார். ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கிழக்குச் சுவரை அளந்தார். அவருடைய புத்தக அலமாரி அங்கே நிற்குமா என்று பார்த்தாராம். சொந்த நாடாவோடு வந்து அளப்பவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. மனசுக்குள் அவர் ஏற்கெனவே குடிவந்துவிட்டார். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

அன்று இரவே கூப்பிட்டேன். "சார், என்ன முடிவு பண்ணிருக்கீங்க?" யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாம் நாள் கூப்பிட்டபோது, "நானே கூப்பிடறேன் சார்" என்று வைத்தார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. சில மாதம் கழித்து அவரை அதே தெருவில் பார்த்தேன். நான் காட்டிய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, கிட்டத்தட்ட அதே அமைப்புள்ள ஒரு வீட்டை வேறொரு புரோக்கர் மூலம் வாங்கியிருந்தார். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்க பேரு ஸ்க்ரீன்ல வந்தாலே, அய்யோ முடிவு சொல்லணுமேன்னு இருக்கும் சார். அதான் எடுக்கல."

நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்பதை அவர் எண்ணவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு வேலை வைத்தேன். அதுவும் அவரால் அந்த நேரத்தில் செய்ய முடியாத வேலை. வீடு வாங்குகிற முடிவு மூன்று நாளில், அதுவும் போனில், ஒரு ஆளுடைய வாயிலிருந்து வருவதில்லை. வராத ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்கிறவனைத் தவிர்ப்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே வழி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அப்படி விரட்டியதற்குக் காரணம் அவர் இல்லை, ஓனர். "பார்ட்டி என்ன சொன்னாங்க? ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று ஓனர் ஒரு நாளில் மூன்று முறை என்னைக் கேட்பார். அந்தச் சூட்டை நான் அப்படியே வாங்குபவர் மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். அதனால் நான் முதலில் சரிசெய்தது வாங்குபவரோடு பேசுகிற விதத்தை இல்லை. ஓனரிடம் வீடு காட்டுவதற்கு முன்பே சொல்லிவிட ஆரம்பித்தேன்: "வாரத்துல புதன், ஞாயிறு ரெண்டு நாள் சாயந்திரம் நானே உங்களுக்கு நிலவரம் சொல்லிடறேன். ஒண்ணும் இல்லேன்னாலும் ஒண்ணும் இல்லேன்னு சொல்லுவேன்." சொன்னபடி இரண்டு வாரம் செய்தால் ஓனரின் அழைப்புகள் தானாகக் குறைந்துவிடும். அவர் பதற்றமாகக் கேட்பது விலை படியுமா என்பதைவிட, இந்த ஆள் என் வீட்டை மறந்துவிட்டானா என்றுதான். அது தீர்ந்தால் எனக்கும் வாங்குபவரைத் துரத்த வேண்டிய அவசரம் பாதி போய்விடும்.

இப்போது நான் செய்கிற முறையை, சமீபத்தில் நடந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, காலை 11 மணி. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். கணவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, மேல் மாடியில் தண்ணீர் வேகம் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். படுக்கையறைக் கூரையில் பழைய ஈரக்கறை ஒன்று இருந்தது, அதையும் கேட்டார். மனைவி அதிகம் பேசவில்லை. ஆனால் சமையலறை ஜன்னல் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், "ராத்திரியில இந்தப் பின்பக்க ரோட்டுல வண்டி நிறையப் போகுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தண்ணீர்க் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல முடிந்தது. மேலே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினேன். தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறைவாக இருப்பதால் மேல் மாடியில்தான் வேகம் கம்மியாக இருக்கும், ஒரு சிறிய பம்ப் வைத்தால் சரியாகும் என்று உள்ளதைச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் எனக்கு அப்போது பதில் தெரியாது. முன்பெல்லாம் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்" என்று அடித்துவிட்டிருப்பேன். இப்போது தெரியாத கேள்வி வந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அடுத்து அவர்களிடம் பேச ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டதே! "தெரியல, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன்.

வாசலில் பிரியும்போது இரண்டு கேள்வி கேட்பது என் வழக்கம். முதலாவது: "இப்ப இருக்கிற வீட்டை எப்ப காலி பண்ணணும்?" ஃபாலோ-அப்பின் வேகத்தை இந்தத் தேதிதான் நிர்ணயிக்கிறது, நான் இல்லை. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டியவருக்கு வாரம் ஒருமுறை பேசுவதே மெத்தனம். அடுத்த வருடம் பள்ளி மாறும்போது போனால் போதும் என்பவருக்கு அதே வாரம் ஒருமுறை தொல்லை. இவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை, ஆறேழு மாதம் இருக்கிறது என்றார்கள். இரண்டாவது: "அடுத்து நான் எப்ப பேசினா உங்களுக்குத் தோதா இருக்கும்? கூப்பிடவா, மெசேஜ் போடவா?" கணவர் மனைவியைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை சாயந்திரம், மெசேஜே போடுங்க" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு நாளை அவர்களே குறித்துக்கொடுத்துவிட்டால், அன்றைக்கு வருகிற மெசேஜ் அவர்கள் அழைத்த விருந்தாளி. நாமாகக் கணக்குப்போட்டு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அனுப்புவது அழையாத விருந்தாளி. இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றாலும் கிடைக்கிற வரவேற்பு வேறு. "பார்க்கலாம், நாங்களே சொல்றோம்" என்று நாள் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு. அவர்களிடம் "சரி, உங்க கேள்விக்குப் பதில் கிடைச்சதும் அதை மட்டும் அனுப்பிடறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவர்கள் வண்டி கிளம்பியதும் நான் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அங்கேயே நின்று மூன்று வரி எழுதிவிடுவேன். என்ன கேட்டார்கள், எங்கே அதிக நேரம் நின்றார்கள், முடிவில் பங்குள்ள ஆனால் இன்றைக்கு வராத ஆள் யார். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் அன்று பார்த்த நாலு பார்ட்டியும் ஒன்றாகக் குழம்பிவிடும். அன்று மூன்றாவது வரியில் நான் எழுதியது "யாரும் இல்லை" என்று. அது தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை 5 மணிக்கு ஒரே ஒரு மெசேஜ். "வந்து பார்த்ததுக்கு நன்றி. ரெண்டு கேள்வி பாக்கி வச்சிருக்கேன்: கூரையில அந்தக் கறை, ராத்திரியில பின்பக்க ரோடு. செவ்வாய்க்கிழமை பதிலோட வரேன். அதுவரைக்கும் பதில் போட வேண்டியதில்லை." இவ்வளவுதான். இதில் வீட்டுப் படமோ, இன்னும் மூன்று வீட்டின் விவரமோ கிடையாது. அதே மெசேஜில் வேறு வீடுகளையும் ஒட்டி அனுப்புவது நான் பல காலம் செய்த தவறு. ஒரு வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவரிடம் இன்னும் மூன்றைக் கொட்டினால், இந்த வீட்டின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அவருக்குப் படும்.

"பதில் போட வேண்டியதில்லை" என்ற வரியைச் சிலர் பலவீனம் என்று சொல்வார்கள். என் அனுபவம் வேறு. பதில் கடன் இல்லாத மெசேஜைத்தான் ஆட்கள் நிம்மதியாகத் திறந்து படிக்கிறார்கள். அன்றைக்குக் கணவரிடமிருந்து ஒரு கும்பிடு மட்டும் வந்தது. அது போதும்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் இரவு ஒன்பதரைக்குப் போய் அந்தச் சமையலறையில் நின்றேன். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நிமிடம், சாத்தி வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்தேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போன் மைக் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நேரில் கேட்பதைவிட வீடியோவில் அமைதியாகவும் தோன்றலாம், இரைச்சலாகவும் தோன்றலாம். அதனால் வீடியோவை மட்டும் ஆதாரமாக அனுப்பினால், பிறகு நேரில் வந்து நிற்கும்போது "ஏமாத்திட்டான்" என்று ஆகிவிடும். என் காதுக்குக் கேட்டதையும் கூடவே எழுத வேண்டும்.

கூரைக் கறைக்கு ஓனரைப் பிடித்தேன். மொட்டை மாடியில் நீர்க்கசிவுப் பூச்சு செய்த ரசீதைத் தேடி எடுத்துக்கொடுத்தார். படித்துப் பார்த்தால் மாடியின் பாதிப் பரப்புக்குத்தான் வேலை நடந்திருக்கிறது. படுக்கையறைக்கு மேலே உள்ள பாதி சரி. மறுபாதியில் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்லட்டுமா என்று ஓனரைக் கேட்டேன். அவருக்கு விருப்பமில்லை. "நாளைக்கு அவங்களே ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து கண்டுபிடிச்சா, விலை குறையறதோட நிக்காது, பேச்சே முறிஞ்சுடும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

செவ்வாய் மாலை ஆறரைக்கு அனுப்பியது இது: "இரவு 9:30க்கு ரெண்டு நாள் நின்னு பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தா வண்டிச் சத்தம் நல்லாவே கேக்குது. சாத்தினா பேச்சுக்கு இடைஞ்சல் இல்ல. வீடியோ கீழே இருக்கு, ஆனா அதை நம்பாதீங்க, ஒருநாள் ராத்திரி நீங்களே வந்து நின்னு பாருங்க. கறைக்கு மேல உள்ள பக்கம் பூச்சு போட்டாச்சு, ரசீது இருக்கு. மறுபாதி மாடிக்கு இன்னும் போடல." கணவரிடமிருந்து நாலைந்து வரியில் பதில் வந்தது. உள்ளதைச் சொன்னதற்கு நன்றி, வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அதற்கு நான் எழுதியது, "சனிக்கிழமை வரைக்கும் தொந்தரவு பண்ணல. ஞாயித்துக்கிழமை ஒரு வரி போடட்டுமா?" சரி என்றார்.

இப்படி ஒவ்வொரு மெசேஜிலும் அடுத்ததற்கான நாளைப் பேசி வைத்துக்கொண்டே போவதுதான் என் முழு முறையும். வேறு அட்டவணை கிடையாது. கையில் ஒரு புதுத் தகவலோ, முன்னால் ஒப்புக்கொண்ட ஒரு நாளோ இருந்தால் அனுப்பலாம். இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் போனைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு வரியைப் போட்டேன்: மறுபாதி மாடிக்கும் பூச்சு போட ஓனர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார் என்று. படித்துவிட்டார்கள். பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும். ஓனர் புதன்கிழமை கேட்பார். வேறு யாராவது அவர்களுக்கு இதைவிட நல்ல வீட்டைக் காட்டிக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றும். நான் எனக்கு வைத்திருக்கிற கணக்கு இது: பதில் வராமல் போனால் அடுத்த இடைவெளி முந்தையதைவிட இரண்டு மடங்கு. செவ்வாயிலிருந்து ஞாயிறு ஐந்து நாள், ஆகவே இனி பத்து நாள். அதற்கும் பதில் வராவிட்டால், விடைகொடுக்கிற மெசேஜ் ஒன்றோடு சரி. இரண்டு மடங்கு என்பதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. என் பதற்றத்துக்கு நான் போட்டுக்கொண்ட கடிவாளம், அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். மௌனத்துக்குப் பதிலாக இடைவெளியைச் சுருக்கினால் அந்த மௌனம் நீளும்.

சூடு ஆறுகிறதா என்பதை நாள்கணக்கை வைத்துப் பார்ப்பதைவிடப் பதிலின் நீளத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. நாலு வரி எழுதியவர் ஒரு வரிக்கு வருவார், அப்புறம் "ஓகே", அப்புறம் கட்டைவிரல், அப்புறம் நீல டிக் மட்டும். இதைவிட முக்கியமான இன்னொரு அடையாளம், கேள்வி யாரிடமிருந்து வருகிறது என்பது. அவர்கள் கேட்டு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வீடு இன்னும் அவர்கள் தலையில் ஓடுகிறது. நான் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் என் தலையில்தான் ஓடுகிறது.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை. அதற்குள் மாடி வேலை முடிந்திருந்தது. படத்தையும் ரசீதையும் அனுப்பிவிட்டு, அடியில் இப்படி எழுதினேன்: "இந்த வீடு உங்களுக்குச் சரிப்படலேன்னா தயங்காம சொல்லுங்க, உங்க லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். எது சரிப்படலேன்னு தெரிஞ்சா அடுத்து தேட எனக்கும் சுலபம்."

இல்லை என்று சொல்ல நாமே வாசலைத் திறந்துவைத்தால்தான் உண்மையான காரணம் வெளியே வரும். அரை மணி நேரத்தில் மனைவி போனே செய்தார். அத்தனை நாளும் கணவர் எண்ணிலிருந்துதான் பேச்சு. "சார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எங்க அம்மா எங்ககூட வந்து இருக்கப் போறாங்க. அவங்களுக்கு முழங்கால் வலி. மூணு மாடி ஏற முடியாது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்க வேற இவ்வளவு அலைஞ்சீங்க."

நோட்டில் "யாரும் இல்லை" என்று எழுதிய வரி ஞாபகம் வந்தது. முடிவைத் தடுத்து நிறுத்தியிருந்தது, வீட்டைப் பார்க்கவே வராத ஒரு ஆளின் முழங்கால். "இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்கப் போறீங்க?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டரை வாரம் மிச்சமாகியிருக்கும். இப்போது அந்தக் கேள்வியை வீடு காட்டுவதற்கு முன்பே, போனில் நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

"சரி மேடம், அந்த வீட்டை எடுத்துட்டேன். தரைத்தளம் வந்தா மட்டும் சொல்லட்டுமா? வராட்டி மாசம் ஒரு தடவை ஒரு வரி, பதில் வேண்டாம்" என்றேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். அன்று சாயந்திரமே ஓனரிடமும் சொல்லிவிட்டேன். புதன்கிழமைதானே.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது. ஒரே வீட்டுக்கு நாலைந்து பேர் போட்டி போடுகிற நிலவரத்தில் பத்து நாள் காத்திருக்க முடியாது. அப்படி நிஜமாகவே இன்னொருவர் விலை சொல்லிவிட்டால், பேசிவைத்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே கூப்பிட வேண்டும்: "இன்னொருத்தர் விலை சொல்லிருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓனர் காத்திருக்கச் சம்மதிச்சிருக்கார்." ஒரே ஒரு தடவை. அந்த இன்னொருவர் சொன்ன தொகையை மட்டும் வெளியே விடக்கூடாது. இல்லாத போட்டியாளரைக் கற்பனையில் கொண்டுவந்து நிறுத்துகிற ஆட்களும் நம் தொழிலில் உண்டு. வெள்ளிக்கிழமை தாண்டியும் அந்த வீடு அப்படியே விற்காமல் கிடந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. முதலீட்டுக்காக வாங்குபவர்களுக்கும் இவ்வளவு நயம் தேவைப்படாது. வாடகை எவ்வளவு வரும், பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று கணக்கைக் கொடுத்தால் அன்றைக்கே ஆம் அல்லது இல்லை வந்துவிடும். இனிமேல் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அங்கே எந்த இடைவெளிக் கணக்கும் இல்லை. அந்த எண்ணை எடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தக் குடும்பத்துக்கு நாலு வாரம் கழித்து ஒரு வரி போட்டேன்: "தரைத்தளம் ரெண்டு பார்த்தேன். ஒண்ணுல வெளிச்சமே இல்ல, இன்னொண்ணு மழைக்குத் தண்ணி நிக்கிற இடம். உங்களுக்குக் காட்டல." அடுத்த மாதமும் அதுபோல் ஒன்று. இரண்டுக்கும் பதில் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காட்டாத வீட்டைப் பற்றி எழுதுவதா என்று முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று வெறுமனே சொல்வதைவிட, எதை எதற்காகத் தள்ளினேன் என்று சொன்னால் தேடியதற்குச் சாட்சி இருக்கிறது.

பதினோராவது வாரம் ஒரு தரைத்தள வீடு வந்தது. முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் அமைதியான சந்து. மதியம் மெசேஜ் போட்டேன், பத்து நிமிடத்தில் "நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வரலாமா?" என்று வந்தது.

அம்மா மெதுவாக எல்லா அறையும் நடந்து பார்த்தார். குளியலறை வாசலில் நின்று, "இந்தப் படி எவ்வளவு உயரம் தம்பி?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன். வாசலில் பிரியும்போது நாள் கேட்டேன், வியாழக்கிழமை என்றார்கள். அவர்கள் போனதும் உள்ளே திரும்பிப் போய் நாடாவை வைத்து அளந்தேன். ஆறு அங்குலம். கைப்பிடி வைக்கப் பக்கத்துச் சுவரில் இடம் இருந்தது, அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.